54,000 மெசேஜ் வந்தது, எத்தனை பேருக்கு வேலை முடிந்தது?

கேள்வி

கொழும்பில் வீட்டுப் பாவனை மின்பொருட்களை இணையத்தில் விற்கும் கம்பனி ஒன்றில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இந்த வருடத் தொடக்கத்தில் வட்ஸ்அப்பில் ஒரு சாட்பொட் போட்டோம். செய்து தந்தவர்கள் மாதாமாதம் ஒரு பக்க அறிக்கை அனுப்புகிறார்கள். ஜூலையில் 38,000 மெசேஜ், ஓகஸ்டில் 54,000. பொட்டிடமிருந்து எங்கள் ஊழியர்களிடம் கைமாறிய உரையாடல்கள் 18 வீதத்திலிருந்து 11 வீதமாகக் குறைந்திருக்கின்றன. ஓகஸ்ட் தொடக்கத்தில் மெனுவை மாற்றியதன் பலன் என்கிறார்கள். 'ஊழியருடன் பேச' என்ற பட்டனை முதல் பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுபோனதும் அப்போதுதான். அறிக்கையின் அடியில் உரையாடல்கள் 6,300, 6,400 என்று சின்னதாகப் போட்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பணிப்பாளர் மகிழ்ச்சியில், ஆறு பேரில் இரண்டு பேரை நிறுத்தலாம் என்கிறார். என் பிள்ளைகளோ ஹொட்லைன் ஓயவில்லை என்கிறார்கள். ஜூலையில் 2,100 அழைப்பு, ஓகஸ்டில் 2,900. தமிழ் உரையாடல்களில் 4 வீதம்தான் கைமாறுகிறது, ஆகவே தமிழில் பொட் நன்றாகச் செய்கிறது என்றும், கைமாறுவதைப் பூச்சியமாக்குவதே இலக்கு என்றும் நினைத்திருக்கிறேன். பொட்காரருக்கு மெசேஜ் கணக்கில்தான் பணம் கட்டுகிறோம். ஒப்பந்தத்தை நவம்பரில் புதுப்பிக்க வேண்டும். கூட்டத்தில் நான் எதை வைத்துப் பேசுவது?

— வெள்ளவத்தை வாசகி (பெயர் வேண்டாம்)

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

யாரும் பார்ப்பதில்லை என்று நீங்கள் எழுதிய அந்த அடிவரியிலிருந்தே தொடங்குவோம். 38,000ஐ 6,300ஆல் வகுத்துப் பாருங்கள், ஓர் உரையாடலுக்கு 6 மெசேஜ். 54,000ஐ 6,400ஆல் வகுத்தால் 8.4. உரையாடல்கள் கூடியது நூறுதான். பழைய கணக்கில் அந்த நூறுக்கு 600 மெசேஜ் கூடியிருக்கலாம். மிச்சம் 15,400 மெசேஜும், ஏறக்குறைய அதே அளவு ஆட்கள் அதே விஷயத்தைக் கேட்கக் கூடுதலாகத் தட்டியதும், பொட் கூடுதலாகத் திருப்பிச் சொன்னதும்தான்.

பொட்டுக்கு ஒரு கேள்வி விளங்காவிட்டால் என்ன செய்கிறது? "மன்னிக்கவும், விளங்கவில்லை, கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்" என்கிறது. அது ஒரு மெசேஜ். வாடிக்கையாளர் வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறார், இரண்டு. மெனு திரும்ப வருகிறது, மூன்று. பொட் எவ்வளவு தடுமாறுகிறதோ அவ்வளவுக்கு அறிக்கை கொழுக்கும். காலி வீதியில் ஓடும் பஸ் எத்தனை பேரை இறக்கியது என்று பார்க்காமல், எத்தனை தரம் ஹோர்ன் அடித்தது என்று எண்ணுவதைப் போன்றது இது. அந்த 54,000இல் பொட்டே அனுப்பிய மெசேஜ்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒரு வரியில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்துதான் இருக்கும். மெசேஜ் கணக்கு ஒரு காரியத்துக்கு உதவும், எவ்வளவு பாரம் ஏறியது, எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று பார்க்க. வேலை முடிந்ததா என்பதை அது சொல்லாது.

இன்னொரு கணக்கும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 6,300இல் 18 வீதம் என்றால் ஜூலையில் 1,134 உரையாடல்கள் உங்கள் பிள்ளைகளிடம் வந்தன. 6,400இல் 11 வீதம் என்றால் ஓகஸ்டில் 704. வட்ஸ்அப்பில் 430 குறைந்த அதே மாதத்தில் ஹொட்லைனில் 800 கூடியிருக்கிறது. பட்டன் உள்ளே போனதும் அதே மாதத்தில். இதை வைத்து உடனே "பொட்தான் காரணம்" என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். ஓகஸ்டில் ஓடர்கள் கூடியிருந்தால் அழைப்பும் கூடும், ஒருவரே மூன்று தரம் எடுத்திருக்கவும் கூடும். நூறு ஓடருக்கு எத்தனை அழைப்பு என்று இரண்டு மாதத்துக்கும் போட்டுப் பாருங்கள். அதுவும் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். அழைத்தவர்கள் யார் என்று இலக்கத்தோடு காட்டினால்தான் சந்தேகம் தீரும். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கைமாறாத 89 பேர் எங்கே போனார்கள்?

11 வீதம் கைமாறியது என்றால் 89 வீதம் பொட்டிலேயே முடிந்தது என்று அறிக்கை நம்மை நினைக்க வைக்கிறது. பொட்டிலேயே *நின்றது* என்பதுதான் உண்மை. நின்றதற்கும் தீர்ந்ததற்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு.

நான் முன்பு வேலை செய்த இடமொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மா சோறு சமைக்கும் குக்கர் வாங்கி, மூடி உடைந்து வந்ததால் மாற்றித் தரும்படி பொட்டில் கேட்டார். பொட் "பொருட்களை 7 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்" என்ற பொதுப் பதிலைக் கொடுத்தது. எங்கே கொண்டுவருவது, யார் வந்து எடுப்பார்கள் என்று அதில் ஒன்றும் இல்லை. அவர் "ok" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எங்கள் அறிக்கையில் அது தீர்ந்த கேஸ், அதுவும் நாலே மெசேஜில் தீர்ந்த அருமையான கேஸ். மறுநாள் காலையில் ஹொட்லைனில் 20 நிமிடம் காத்திருந்து பேசினார். மூன்றாம் நாள் மகனை அனுப்பினார். எட்டாம் நாள் "தவணை முடிந்துவிட்டது" என்று நாங்களே சொன்னோம். அந்த "ok"ஐ வைத்துத்தான் நாங்கள் அந்தக் காலாண்டில் பொட்டைப் புகழ்ந்து எழுதியிருந்தோம். அறிக்கை எழுதியவள் நான்தான்.

பதில் பிழையாகவே இருந்தாலும் அது "நின்ற" கணக்கில் விழும். 2022 நவம்பரில் எயார் கனடாவின் சாட்பொட், இறந்த உறவினருக்காகப் பயணம் செய்பவருக்கான கழிவைப் பயணத்துக்குப் பிறகும் கேட்கலாம் என்று ஒரு பயணிக்குச் சொன்னது. கம்பனியின் விதி அப்படியல்ல. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம், பொட் சொன்னதற்குக் கம்பனியே பொறுப்பு என்று கூறி இழப்பீடு கட்டவைத்தது. பொட்டின் பார்வையில் அந்த உரையாடலில் ஒரு கோளாறும் இல்லை. கேள்வி வந்தது, பதில் போனது, ஆள் போய்விட்டார்.

ஆகவே உங்கள் 6,400 உரையாடல்களையும் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பொட்டே தீர்த்து வைத்தவை ஒன்று, ஆளிடம் கைமாறியவை இன்னொன்று, இரண்டும் இல்லாமல் அந்தரத்தில் விட்டவை மூன்றாவது. முதலாவதை மொத்த உரையாடல்களால் வகுத்தால் வருவது தீர்வு வீதம். இரண்டாவதை அதே மொத்தத்தால் வகுத்தால் கைமாற்று வீதம். மூன்றாவது குவியலுக்கு அறிக்கையில் இடமே இல்லை. உங்கள் ஹொட்லைன் அடிப்பது அதிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

வகுக்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், "உரையாடல்" என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்? அரை மணி நேரம் சும்மா இருந்தால் மூடிவிட்டு அடுத்த மெசேஜைப் புது உரையாடலாக எண்ணுகிறார்களா, 24 மணி நேரம் திறந்து வைத்திருக்கிறார்களா? அரை மணி என்றால், காலை, மதியம், மாலை என்று ஒரே ஓடரைப் பற்றி மூன்று தரம் கேட்டவர் மூன்று உரையாடல். கடைசியில் மாலையில் ஆளிடம் கைமாறினாலும், காலையும் மதியமும் "பொட்டே சமாளித்தது" என்று பதிவாகியிருக்கும். உங்களுக்கு 24 மணி நேரக் கணக்கையே கேட்டு வாங்குங்கள்.

தீர்வு என்று எதை எண்ணுவது

வாடிக்கையாளர் கேட்ட விஷயத்துக்குச் சரியான பதிலோ நடவடிக்கையோ கிடைத்திருக்க வேண்டும். அதே விஷயத்துக்காக 72 மணி நேரத்துக்குள் எந்த வழியிலும் அவர் திரும்ப வந்திருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் தீர்வு. "நன்றி" என்று எழுதியதும், பேசாமல் போனதும் சாட்சி அல்ல. காசு திருப்பித் தரும் கேள்விகளுக்கு மட்டும் 72 மணி போதாது. வங்கியில் காசு வரவில்லை என்று ஆட்கள் ஒரு கிழமை கழித்துத்தான் கேட்பார்கள், ஆகவே அவற்றுக்கு 7 நாள் வையுங்கள்.

திரும்ப வந்தார்களா என்று பார்ப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது. வட்ஸ்அப்பில் ஆளின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஹொட்லைன் பதிவிலும் இருக்கிறது. ஒன்றில் +94 உடன் இருக்கும், மற்றதில் 0 உடன் இருக்கும், அதனால்தான் நேரே ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது. இரண்டிலும் கடைசி 9 இலக்கத்தை மட்டும் எடுங்கள். எக்செலில் வட்ஸ்அப் தாளில் A இல் இலக்கம், C இல் உரையாடல் முடிந்த திகதியும் நேரமும் என்று வையுங்கள். ஹொட்லைன் பதிவை `Calls` என்ற தாளில் போட்டு, அங்கேயும் B இல் கடைசி 9 இலக்கம், C இல் அழைத்த திகதியும் நேரமும் இருக்கட்டும். முதல் சூத்திரம் B இல், இரண்டாவது D இல்:

```
=RIGHT(A2,9)
=COUNTIFS(Calls!B:B,B2,Calls!C:C,">"&C2,Calls!C:C,"<="&C2+3)
```

D இல் 0 அல்லாத எதுவும், பொட்டோடு பேசிய மூன்று நாளுக்குள் ஹொட்லைனுக்கு எடுத்தவர். இலக்கத்தின் நடுவே இடைவெளியோ கோடோ இருந்தால் முதலில் அவற்றை நீக்கிவிடுங்கள். இந்தக் கணக்கு சிலரைத் தவறவிடும். கணவரின் போனிலிருந்து எடுத்தவர், கடைக்கு நேரே வந்தவர், இனி இந்தக் கம்பனியே வேண்டாம் என்று விட்டவர் எல்லாம் இதில் அகப்படமாட்டார்கள். வேறு விஷயத்துக்காக எடுத்தவரும் இதில் சேர்ந்துவிடுவார். ஜூலைக்கும் ஓகஸ்டுக்கும் ஒரே மாதிரிச் செய்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமாவது நம்பக்கூடியதாக இருக்கும். அந்த 800 அழைப்பில் எவ்வளவு பொட்டிலிருந்து வந்தது என்ற கேள்விக்கும் இதுதான் பதில் தரும்.

பதில் சரியா என்பதை எக்செல் சொல்லாது, வாசிக்கத்தான் வேண்டும். 5,696 கைமாறாத உரையாடல்களையும் வாசிக்கத் தேவையில்லை, 200 போதும். ஆனால் முதல் 200ஐ எடுக்காதீர்கள். மாதத்தின் முதல் நாட்கள் சம்பளக் காலம், ஓடர் கேள்விகளே நிறைந்திருக்கும். ஒரு நிரலில் `=RAND()` போட்டு, அதை மதிப்பாக ஒட்டி, அதன்படி வரிசைப்படுத்தி மேலேயுள்ள 200ஐ எடுங்கள். வாசிக்கும் இரண்டு பேருக்கும் பொதுவாக 40 கொடுங்கள். அதில் எட்டுப் பத்துக்கு மேல் கருத்து வேறுபட்டால், "தீர்வு" என்பதற்கு அவர்களுக்கு ஒரே விளக்கம் இல்லை என்று பொருள். பேசித் தீர்த்துவிட்டு மிச்சத்தைத் தொடருங்கள். வாசிக்கக் கொடுக்கும் பிரதியில் பெயர், தொலைபேசி, முகவரி, அடையாள அட்டை இலக்கத்தை மறைத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய மரியாதைதான்.

200ஐயும் வாசித்து முடித்தபோது 96 தீர்ந்தவை, 58 பாதியில் விட்டுப் போனவை, 46 பதில் பிழையானவை அல்லது திரும்ப வந்தவை என்று வைப்போம். (இந்த மூன்று எண்களும் கணக்கைக் காட்ட நான் போட்டவை. உங்களுடையது வேறாக வரும்.) 200இல் 96 என்பது 48 வீதம். 5,696இல் 48 வீதம் சுமார் 2,734. அதை 6,400ஆல் வகுத்தால் 43 வீதம். 200 மட்டும் வாசித்ததால் இதில் ஆறேழு புள்ளி இப்படி அப்படி இருக்கும். கூட்டத்தில் "36க்கும் 49க்கும் நடுவே" என்று சொல்லுங்கள், 42.7 என்று தசமத்தோடு சொல்லாதீர்கள். கணக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தால் அந்தத் தசமத்தையே பிடித்துக்கொள்வார்.

அப்படிச் சொன்னாலும் படம் தெளிவாகிவிடும். நூறு பேர் வந்தால் 43 பேருக்குப் பொட் வேலை முடித்தது, 11 பேர் ஆளிடம் போனார்கள், 46 பேர் இரண்டுமின்றிப் போனார்கள். பணிப்பாளர் கையில் இருக்கும் அறிக்கை அந்த 43ஐயும் 46ஐயும் கூட்டி 89 என்கிறது.

கைமாறுவது தோல்வி அல்ல

உங்கள் விளக்கத்தில் நான் திருத்த விரும்புவது இதைத்தான். பூச்சியம் கைமாற்று வீதம் வேண்டுமென்றால் இன்று மாலையே செய்யலாம், பட்டனை முழுதாக எடுத்துவிட்டால் போதும். ஓகஸ்டில் அதில் பாதியைத்தான் செய்திருக்கிறார்கள்.

கைமாறிய 704ஐயும் காரணத்தால் பிரித்துப் பாருங்கள். சிலவற்றை நீங்களே கைமாற வேண்டும் என்று வைத்திருப்பீர்கள். உடைந்து வந்த பொருள், காசு திருப்பிக் கேட்பது, பிளக் போட்டதும் புகை வந்தது என்பது போன்றவை. இவை கைமாறுவது நல்லது, இன்னும் விரைவாகக் கைமாற வேண்டும். சிலர் தொடக்கத்திலேயே ஆள்தான் வேண்டும் என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி லாபமில்லை. மூன்றாவது வகை, பொட் இரண்டு மூன்று தரம் விளங்காமல் விழித்துவிட்டுக் கைமாற்றியது. குறைக்க வேண்டியது இது மட்டும்தான், அதைக் குறைக்கும் வழியும் பொட்டுக்கு அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுப்பதுதான். மொத்தமாக 18, 11 என்று ஓர் எண்ணைப் பார்த்தால் இந்த மூன்றில் எது குறைந்தது என்று தெரியாது.

கைமாறியவருக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆள் எடுக்க எத்தனை நிமிடம் சென்றது, ஓடர் இலக்கத்தைத் திரும்பக் கேட்டார்களா, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு "உங்களை ஊழியருடன் இணைக்கிறோம்" என்று பொட் சொல்லும்போது அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? வட்ஸ்அப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாடிக்கையாளரின் கடைசி மெசேஜிலிருந்து 24 மணி நேரம் மட்டும்தான் நாம் சுதந்திரமாகப் பதில் எழுதலாம். அது கடந்தால் முன்கூட்டி அனுமதி பெற்ற வார்ப்புரு மெசேஜ் மட்டுமே அனுப்பலாம். சனிக்கிழமை பின்னேரம் கைமாறிய முறைப்பாட்டைத் திங்கள் காலை எடுத்தால் உங்கள் பிள்ளையின் பதில் போகாது. பொயா விடுமுறை சேர்ந்தால் இன்னும் மோசம். அறிக்கையில் அதுவும் வெற்றிகரமான கைமாற்றம்தான்.

தமிழுக்கு வருவோம். அந்த 4 வீதத்தைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. எது தமிழ் உரையாடல் என்று முதலில் யார் தீர்மானித்தது? மொழி மெனுவில் "தமிழ்" என்று அழுத்தியவர்களை மட்டும் எண்ணியிருந்தால், நம் ஆட்களில் பாதிப் பேர் அதில் இல்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனை பேர் தமிழ் எழுத்தில் தட்டுகிறார்கள்? `en order innum varella` என்றுதான் வரும். பொட் அதை ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு, விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும். அந்தத் தோல்வி ஆங்கிலக் கணக்கில் விழும்.

தமிழ் என்று அழுத்தியவர்களுக்கும் வேறொரு கதவு மூடியிருக்கலாம். உங்கள் போனை எடுத்து இன்றே சோதியுங்கள். "ஊழியருடன் பேச வேண்டும்" என்று எழுதுங்கள், பொட் கைமாற்றும். பிறகு "ஆரோடயாவது கதைக்கலாமா", "ஆள் ஒராள் வேணும்", "கதைக்க வேணும்" என்று எழுதிப் பாருங்கள். 'பேச' என்ற சொல்லை மட்டும் படித்த பொட்டுக்கு நம் 'கதைக்க' விளங்காவிட்டால் ஆச்சரியப்படமாட்டேன். கேட்கத் தெரியாமல் போன பொட்டிடம் கைமாற்று வீதம் 4தான் வரும். சிங்களத்திலும் ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் நிறைய, ஆகவே அதே சோதனையைச் சிங்களம் பேசும் சக ஊழியர் ஒருவரைக் கொண்டும் செய்விக்கவும். வாசிக்க எடுக்கும் 200இல் தமிழ் பத்தில் ஒரு பங்கு என்றால் 20தான் அகப்படும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தமிழுக்கென்று தனியாக இன்னும் 60 எடுத்து வாசித்து, அதன் தீர்வு வீதத்தைத் தனியாகப் போடுங்கள். மொத்தக் கணக்கில் அந்த 60ஐயும் கலக்க வேண்டாம்.

கூட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும்

பணிப்பாளரிடம் "பொட் கூடாது" என்று பேசாதீர்கள், அவர் போட்ட பொட் அது. அந்தப் பட்டனைப் பற்றி ஒரு சின்னச் சோதனை கேளுங்கள். இரண்டு கிழமைக்கு, தொலைபேசி இலக்கம் இரட்டை எண்ணில் முடிபவர்களுக்குப் பட்டன் முதல் பக்கத்தில், ஒற்றை எண்ணில் முடிபவர்களுக்கு இப்போது உள்ளபடி. முடிவில் இரண்டு பக்கத்துக்கும் மூன்று எண்கள் போதும், தீர்வு வீதம், கைமாற்று வீதம், 72 மணிக்குள் ஹொட்லைனுக்கு எடுத்தவர்களின் வீதம். பட்டன் முன்னால் உள்ள பக்கத்தில் கைமாறுவது கட்டாயம் கூடும். அழைப்புகள் அதைவிட அதிகமாகக் குறைந்தால் உங்கள் வாதம் நின்றுவிடும். குறையாவிட்டால் அழைப்புக்கு வேறு காரணம் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு பேரை நிறுத்தும் முடிவை அந்தச் சோதனை முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஹொட்லைனில் 800 அழைப்பு கூடிய மாதத்தில் அதை எடுக்கும் ஆட்களைக் குறைப்பது கணக்குக்கே ஒத்துவராது. அந்த இரண்டு பேரில் தமிழ் கதைக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். நான் சட்டத்தரணி அல்ல, ஆனால் இது தெரிந்திருக்க வேண்டியது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஊழியரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதியோ வேண்டும். "பொட் வந்துவிட்டது" என்ற காரணம் அந்தத் தேவையை நீக்காது. மனிதவளப் பிரிவு இதைப் பணிப்பாளருக்குச் சொல்வது நல்லது, நீங்கள் சொல்லப் போக வேண்டாம்.

ஒப்பந்தம்தான் ஆகப் பெரிய கோளாறு. மெசேஜுக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால், உரையாடலை நீட்டுபவருக்குத்தான் லாபம். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. 6 மெசேஜில் முடிவதை 4ஆகக் குறைத்தால் அவர்களுடைய வருமானமே குறையும் என்பதைச் சொல்கிறேன். மாதக் கட்டணமாக மாற்றக் கேளுங்கள். தீர்வுக்கு இவ்வளவு என்று கட்டுவது இன்னும் நியாயமாகத் தோன்றும், ஆனால் அதிலும் கண் வைக்க வேண்டும். இன்டர்கொம் நிறுவனம் 2023இல் தன் ஃபின் பொட்டுக்குத் தீர்வு ஒன்றுக்கு 99 அமெரிக்க சென்ட் என்று விலை வைத்தது. வாடிக்கையாளர் "சரி" என்று உறுதிப்படுத்தினாலும், மேலே உதவி கேட்காமல் போய்விட்டாலும் அவர்கள் அதைத் தீர்வு என்றே எண்ணுவார்கள். நம் குக்கர் அம்மாவின் "ok"க்கும் அந்தக் கணக்கில் 99 சென்ட் போயிருக்கும். ஆகவே தீர்வுக் கணக்கில் கட்டுவதானால் 72 மணி நிபந்தனையையும், மாதம் 200 உரையாடலை நீங்கள் வாசித்து வரும் வீதத்தையே இரு தரப்பும் ஏற்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இதற்கெல்லாம் மெசேஜ் அளவிலான மூலப்பதிவு வேண்டும். உரையாடல் இலக்கம், நேரம், மொழி, யார் அனுப்பியது, கைமாறிய காரணம் எல்லாம் கொண்ட கோப்பு. ஒரு பக்க அறிக்கை எதற்கும் உதவாது. அந்தக் கோப்பு உங்கள் கம்பனிக்கு எப்போதும் கிடைக்க வேண்டும் என்பதை நவம்பர் ஒப்பந்தத்தில் சேருங்கள். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களுக்கு உரியதை மட்டும் நவம்பர்வரை விடாமல் இந்தக் கிழமையே மின்னஞ்சலில் கேளுங்கள், எத்தனை நாளில் பழைய பதிவுகளை அழிக்கிறார்கள் என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ஜூலைப் பதிவு அழிந்துவிட்டால், பட்டன் முன்னால் இருந்த மாதம் எப்படி இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.